முடிவு தெரியாத 12 வினாடி: குறும் விளம்பரத்துக்கு லூப் முடிவை எழுதுவது, எடுப்பது, வெட்டுவது, அளப்பது

குறும் வீடியோ விளம்பரங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் முடிகின்றன. கடைசி இரண்டு வினாடியில் படம் மெல்ல மங்கும், வெள்ளைப் பின்னணியில் லோகோ வந்து நிற்கும், இசை ஒரு 'டொய்ங்' போட்டு அடங்கும். டிவிக்கு அது சரி, அடுத்த விளம்பரம் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் ரீல்ஸ், ஷார்ட்ஸ், டிக்டாக் மாதிரி இடங்களில் வீடியோ முடிந்ததும் தானாகவே மறுபடி முதலிலிருந்து ஓடும். அங்கே அந்த லோகோ "முடிந்தது, கிளம்புங்கள்" என்று நாமே வாசல் கதவைத் திறந்து விடுவதுதான்.

லூப் முடிவு என்றால் கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் ஒட்டிக்கொள்வது, வீடியோ மறுபடி தொடங்கியதைப் பார்ப்பவர் உடனே கவனிக்காமல் இருப்பது. முடிவும் தொடக்கமும் சேரும் அந்த இடத்தைத்தான் இனி 'ஒட்டு' என்று சொல்லப்போகிறேன். இதற்குப் பல வழிகள் உண்டு. கேமரா சுவர் பக்கம் திரும்பி மறைவது, கை வந்து லென்ஸை மூடுவது எல்லாம் எல்லோரும் செய்து செய்து பார்ப்பவர்களுக்கே பழகிவிட்டது, கை லென்ஸை நோக்கி வரும்போதே "ஓ, லூப்" என்று தெரிந்துவிடுகிறது. நான் இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு வழி. ஒரே டேக்கை நடுவில் வெட்டி, பின்பாதியை வீடியோவின் தொடக்கமாகவும் முன்பாதியை முடிவாகவும் வைப்பது. படத்துக்கும் அதேதான், குரலுக்கும் அதேதான். செலவில்லாத வழி, ஆனால் ஷூட்டிங்குக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகு "இதை லூப் ஆக்கிக் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் ஒப்பேற்றத்தான் முடியும்.

முதலில் ஒரு கணக்கு

லூப் முடிவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 12 வினாடி விளம்பரம் ஒன்றை 1000 பேர் பார்க்கத் தொடங்குகிறார்கள், கடைசி வரை வருவது 300 பேர், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 6 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லூப்பின் வேலை அந்த 300 பேரிடம் மட்டும்தான். நாலாவது வினாடியிலேயே தள்ளிவிட்டுப் போனவருக்கு உங்கள் முடிவு எவ்வளவு அழகு என்பது தெரியவே போவதில்லை. அந்த 300 பேரும் லூப்பால் ஆளுக்குச் சராசரியாக 4 வினாடி கூடுதலாகப் பார்த்தால் மொத்தம் 1200 வினாடி. அதை 1000 பேருக்குப் பங்கிட்டால் 1.2 வினாடி. சராசரி 6 என்பது 7.2 ஆகும், அவ்வளவுதான்.

ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கடைசி வரை வருவது 300 பேர் இல்லை, 80 பேர்தான் என்றால் அதே லூப் தருவது 0.3 வினாடி. அப்போது லூப்பை விட்டுவிட்டு முதல் இரண்டு வினாடியைச் சரிசெய்யப் போங்கள். என்னிடம் "லூப் போட்டுக் கொடுங்கள்" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய தொடக்கம்தான்.

நீளமும் முக்கியம். 8 முதல் 15 வினாடி வரை லூப்புக்கு நன்றாக ஒத்துவரும். 30 வினாடி என்றால் முடிவு வரை வருபவர்களே குறைவு, வந்தவருக்கும் விஷயம் எல்லாம் தெரிந்து முடிந்திருக்கும். அப்புறம், எல்லா இடத்திலும் வீடியோ லூப் ஆகாது. வேறொரு வீடியோவுக்கு நடுவே வரும் விளம்பரம் ஒரு தடவை ஓடி முடிந்தால் போய்விடும். ஸ்டோரியில் வரும் விளம்பரம் அடுத்த ஸ்டோரிக்குத் தாவிவிடும். அந்த இடங்களுக்கு லூப் வடிவத்தை அனுப்பினால் விளம்பரம் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கும், பார்க்கச் சகிக்காது. அதற்கென்று சாதாரண முடிவோடு இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

ஒரே டேக், நடுவில் ஒரு வெட்டு

ஒரு உதாரணத்தை முழுக்க எடுத்துக்கொள்வோம். பொருள்: மூடி பூட்டினால் சிந்தாத தண்ணீர் பாட்டில். நீளம் 12 வினாடி, வினாடிக்கு 30 ஃபிரேம், மொத்தம் 360 ஃபிரேம்.

இந்தப் பொருளுக்கு ஆளை நிறுத்தும் காட்சி எது? திறந்து வைத்த லேப்டாப்புக்கு மேலே நிறைந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. பார்க்கிறவருக்கு வயிற்றில் ஒரு பகீர். இதைத் தொடக்கமாக வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இப்போது லூப்புக்காகக் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கவிழ்ப்புக்கு ஒரு வினாடி முன்னால் கை என்ன செய்துகொண்டிருந்தது? மூடியை மூடியது, 'டக்' என்று பூட்டியது, பாட்டிலை மேசையிலிருந்து தூக்கியது, சாய்க்கத் தொடங்கியது. அதுதான் உங்கள் முடிவு. முடிவைத் தனியாகக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை, தொடக்கத்துக்கு முந்தைய நொடிகளே முடிவு.

ஆகவே மூடி பூட்டுவது, தூக்குவது, கவிழ்ப்பது, குலுக்குவது, இந்த நாலையும் கேமராவை நிறுத்தாமல் ஒரே டேக்காக எடுங்கள், சுமார் 4 வினாடி. பிறகு பாட்டில் படுக்கைவாட்டில் வரும் நொடியில் வெட்டுங்கள். வெட்டுக்குப் பின்னால் இருக்கும் 2 வினாடி, அதாவது கவிழ்ந்து குலுங்குவது, வீடியோவின் முதல் 2 வினாடி. வெட்டுக்கு முன்னால் இருக்கும் 2 வினாடி வீடியோவின் கடைசி 2 வினாடி. நடுவில் இருக்கும் 8 வினாடியில் வேறு எந்த ஷாட்டும் வரலாம்.

வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். கை நிற்கும் இடத்தில் வெட்டாதீர்கள், கை வேகமாக ஓடும் இடத்தில் வெட்டுங்கள். அசைவின் நடுவில் கண் அசைவைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும், அது அடுத்து எங்கே போகும் என்று எதிர்பார்க்கும், அந்த எதிர்பார்ப்பே ஒட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். கை அசையாமல் நிற்கும் ஃபிரேமில் வெட்டினால் பின்னணியில் ஒரு நூல் நகர்ந்தாலும் தெரியும்.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் அச்சு அசலாக ஒன்றாக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. இரண்டும் ஒன்றே என்றால் லூப் சுற்றும்போது அந்தப் படம் இரண்டு ஃபிரேம் நிற்கும், அதாவது 30 ஃபிரேம் வீடியோவில் 33 மில்லிவினாடி கூடுதலாக. ஓடிக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் விக்கும். கடைசி ஃபிரேம் என்பது முதல் ஃபிரேமுக்கு *முந்தையதாக* இருக்க வேண்டும். ஒரே டேக்கை வெட்டினால் இது தானாகவே அமைந்துவிடுகிறது.

வசனத்தில் தமிழ் நமக்குச் செய்யும் உதவி

படம் ஒட்டினாலும் குரல் ஒட்டவில்லை என்றால் லூப் கெட்டது. "இன்றே வாங்குங்கள்!" என்று குரல் இறங்கி நின்றுவிட்டால், காது முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அது வரும்வரை காது காத்திருக்கும். அதே நேரம் எழுவாயை விட்டுவிட்டாலும் நம் வாக்கியம் முழுமையாகவே ஒலிக்கும். இந்த இரண்டையும் சேர்த்தால் லூப்புக்கான வசனம் தயார். முதல் வரி வினைமுற்றோடு முடியும் முழு வாக்கியமாக இருக்கட்டும், கடைசி வரி முடிக்கப்படாத பாதியாக இருக்கட்டும், அந்தப் பாதியை முதல் வரி முடித்துவைக்கட்டும்.

பாட்டிலுக்கு நான் எழுதிய முதல் வரி: "லேப்டாப் மேலேயே தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை." கடைசி வரி: "இந்த 'டக்' சத்தம் கேட்ட தைரியத்தில்தான்..." சேர்த்துப் படித்துப் பாருங்கள். இந்த 'டக்' சத்தம் கேட்ட தைரியத்தில்தான் லேப்டாப் மேலேயே தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. ஒரே வாக்கியம். முதல் தடவை பார்ப்பவருக்குத் தொடக்கத்தில் எந்தக் குறையும் தெரியாது, இரண்டாவது தடவை அதே வரிக்கு ஒரு காரணம் சேர்ந்துவிடுகிறது. லூப் வசனம் நல்லதா என்று நான் பார்ப்பது இதைத்தான். ஒட்டினால் மட்டும் போதாது, இரண்டாவது சுற்றில் முதல் வரியின் பொருள் கொஞ்சமாவது கூட வேண்டும். இல்லையென்றால் அது வெறும் வார்த்தை வித்தை.

கடைசி வரி நிற்க வேண்டிய இடங்கள்: '-தால்', '-ததும்', '-தற்காகத்தான்', 'என்பதால்தான்' மாதிரி அடுத்து ஒரு வினை வந்தே ஆக வேண்டிய முடிவுகள். "அதனால்தான்" என்ற ஒற்றைச் சொல்லில் முடிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லூப் வீடியோ பார்த்துப் பழகியவர்கள் அதைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பதிவு செய்யும்போது கடைசி வரியையும் முதல் வரியையும் ஒரே மூச்சில், ஒரே வாக்கியமாகப் பேசச் சொல்லுங்கள், பிறகு நடுவில் வெட்டுங்கள். தனித்தனியாகப் பதிவு செய்தால் பேசுபவர் தன்னையறியாமல் கடைசி வரியில் சுருதியை இறக்கிவிடுவார், முதல் வரியைப் புதிதாக ஏற்றித் தொடங்குவார், அந்த ஏற்ற இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு நுணுக்கம், இது எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. செயலி வீடியோவை மறுபடி தொடங்கும்போது ஒட்டில் மிகச் சின்ன மௌனம் விழலாம். ஏஏசி வடிவத்தில் ஒலியைச் சுருக்கும்போது தொடக்கத்தில் சில ஆயிரம் சாம்பிள் வெறுமையாகச் சேர்வது வழக்கம், வினாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 2112 சாம்பிள் என்றால் 44 மில்லிவினாடி. எல்லா பிளேயரும் அதைச் சுத்தமாகக் கத்தரித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. இந்த மௌனம் 'ல', 'ம', 'அ' மாதிரி இழுபடும் ஒலியின் வாசலில் விழுந்தால் விக்கல் போலக் கேட்கும். ஆனால் க, த, ப மாதிரி வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வாய் இயல்பாகவே ஒரு கணம் அடைத்துத் திறக்கிறது, அந்த அடைப்புக்குள் இந்த மௌனம் ஒளிந்துகொள்ளும். அதனால் முதல் வரியை மாற்றினேன்: "தலைகீழாக, லேப்டாப் மேலேயே கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை." லேப்டாப்பின் 'லே' போய், 'த' முன்னால் வந்துவிட்டது. பேச்சு வழக்கிலும் இதுதான் இயல்பாக இருக்கிறது.

ஷூட்டிங்கில் கவனிக்க வேண்டியது

ஒட்டில் வரும் 4 வினாடி ஒரே டேக் என்பதால் வெளிச்சம், நிறம் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம் என்று தோன்றும். அப்படி நினைத்துத்தான் நான் ஒரு தடவை மாட்டினேன். ஜன்னலோரம் படம் எடுத்தோம், ஒட்டு அற்புதமாக இருந்தது, ஆனால் நடுவில் வரும் ஷாட்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்ததால் வெயில் நகர்ந்திருந்தது. 10-வது வினாடியில் மேசை திடீரென்று மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறியது. ஒட்டு தெரியவில்லை, ஆனால் ஒட்டுக்கு இரண்டு வினாடி முன்னால் இருந்த வெட்டு "இங்கே ஏதோ தொடங்குகிறது" என்று கத்தியது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் கிளம்பினார்கள். எனவே ஒட்டு டேக்கையும் அதற்கு முந்தைய ஷாட்டையும் அடுத்தடுத்து எடுங்கள், ஜன்னலை மூடிவிட்டு விளக்கில் எடுத்தால் இன்னும் நிம்மதி.

போனில் எடுப்பதாக இருந்தால் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், போன் ஸ்டாண்டில் இருக்கட்டும். பல போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைத் தாமாகவே ஏற்றி இறக்கும், அந்தக் கோப்பை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் ஃபிரேம் கணக்கு வழுக்கும். முதலில் அதை நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒட்டு டேக்கைக் குறைந்தது எட்டுப் பத்து தடவை எடுங்கள். மற்ற ஷாட்களுக்கு மூன்று போதும், இதற்குப் போதாது, ஏனென்றால் நீங்கள் தேடுவது கை ஒரே சீரான வேகத்தில் ஓடும் ஒரு டேக். பாட்டிலைத் தூக்கும்போது தயங்கி, பிறகு சட்டென்று கவிழ்த்தால் ஒட்டு நன்றாக இருந்தாலும் தொடக்கம் தடாலடியாக இருக்கும். கடைசியாக, பாட்டில் உண்மையிலேயே சிந்தாமல் இருக்க வேண்டும். காலி பாட்டிலை வைத்து எடுத்து ஏமாற்றினால் அது விளம்பரமில்லை, பொய். மறுபடி மறுபடி ஓடும் வீடியோவில் இதைக் கண்டுபிடிக்க ஆட்களுக்கு நேரமும் கிடைக்கும்.

லோகோவும் பட்டனும் எங்கே போவது

கிளையன்ட்டுக்கு இந்த இடத்தில்தான் வியர்க்கும். "கடைசியில் எங்கள் பெயர் வர வேண்டுமே?" நியாயமான கேள்விதான். என் பதில்: பெயர் பாட்டிலின் மேலேயே அச்சாகி இருக்கட்டும், முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை கையோடு ஓடட்டும். கடைசி இரண்டு வினாடிக்குக் காத்திருந்தால் 1000-ல் 300 பேர்தான் பெயரைப் பார்க்கிறார்கள், பாட்டிலில் இருந்தால் 1000 பேரும் பார்க்கிறார்கள்.

வாங்கச் சொல்லும் வரிக்கு நான் ஒதுக்குவது மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடம். நம் 12 வினாடியை இப்படிப் பிரித்தேன்: 0 முதல் 2 வரை கவிழ்ப்பு. 2 முதல் 6 வரை மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் காட்டுவது, ஏன் சிந்தவில்லை என்பதற்கான பதில் அது. 6 முதல் 10 வரை பாட்டில் பைக்குள் போகிறது, வெளியே வருகிறது, ஒருவர் குடிக்கிறார், அந்த இடத்தில்தான் பெயரும் "கீழே இருக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள்" என்ற வரியும். 10 முதல் 12 வரை 'டக்', தூக்கல், சாய்ப்பு. பட்டன் திரையிலேயே இருக்கிறது என்பதால் கடைசியில் அதைக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

திரையில் நீங்கள் போடும் எழுத்துகள் ஒட்டைக் கடக்கக் கூடாது. கடைசி வரியின் எழுத்து 12-வது வினாடி வரை நின்று, முதல் வரியின் எழுத்து 0-வில் வேறு இடத்தில் பளிச்சென்று வந்தால் தீர்ந்தது கதை. இரண்டு வரியும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருக்கட்டும், முதல் வரி ஏழெட்டு ஃபிரேம் கழித்து வரட்டும். சிலர் எழுத்தை வேண்டுமென்றே படிக்க முடியாத வேகத்தில் ஓடவிட்டு மறுபடி பார்க்க வைக்கிறார்கள். நேரம் கூடும், உண்மைதான், கூடவே எரிச்சலும் கூடும். நிபந்தனைகள், எச்சரிக்கைகள் மாதிரி படித்தே ஆக வேண்டிய எழுத்தில் இதைச் செய்யவே கூடாது.

இசை

இசையில் ஒரே கணக்கு: வீடியோவின் நீளம் முழுத் தாளச் சுற்றுகளாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடி அரை வினாடி, அதாவது 15 ஃபிரேம். நாலு அடிச் சுற்று 2 வினாடி, 12 வினாடியில் சரியாக ஆறு சுற்று. 100 அடி என்றாலும் ஒத்துவரும், ஒரு அடி 18 ஃபிரேம், சுற்று 2.4 வினாடி, 12 வினாடிக்கு ஐந்து சுற்று. 110 அடி இசையை எடுத்துக்கொண்டு 12 வினாடியில் வெட்டினால் சுற்று முடியாமல் பாதியில் அறுந்து, மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கும். கண் ஏமாந்தாலும் கால் தாளம் தப்பும்.

வயலின் இழுப்பு, நீளமான கீபோர்டு ஸ்வரம் எல்லாம் லூப்புக்கு எதிரி, நான் மேலே சொன்ன குட்டி மௌனம் அவற்றில் அப்பட்டமாகக் கேட்கும். தாளம் மட்டும் இருக்கும் இசை பாதுகாப்பானது. முதல் அடி சரியாக 0-வது ஃபிரேமில் விழாமல் இரண்டு ஃபிரேம் தள்ளி விழும்படி முழு இசையையும் நகர்த்திவிடுங்கள், கடைசியில் வெளியே தள்ளப்படும் இரண்டு ஃபிரேமை வெட்டித் தொடக்கத்தில் ஒட்டுங்கள். பிளேயர் தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் அடியின் முகம் நசுங்காது. இசையின் இரு முனையிலும் எடிட்டிங் மென்பொருள் தானாகப் போடும் ஏற்ற இறக்கத்தை அணைத்துவிட மறக்காதீர்கள்.

ஏற்றுமதியும் சோதனையும்

கோப்பு வெளியே வந்ததும் பார்க்க வேண்டியது, படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் ஒன்றாக இருக்கிறதா என்பது. ஒலி 0.05 வினாடி நீளமாக இருந்தால் அதுவரை கடைசிப் படம் உறைந்து நிற்கும். `ffmpeg` என்ற வீடியோ கருவியைக் கணினியில் நிறுவியிருந்தால் இரண்டு கட்டளை வரிகள் போதும்:

```
ffprobe -v error -show_entries stream=codec_type,duration -of csv=p=0 ad.mp4
ffmpeg -stream_loop 2 -i ad.mp4 -c copy ad3.mp4
```

முதல் வரி இரண்டு நீளங்களையும் காட்டும். இரண்டும் ஒரு ஃபிரேமுக்குள், அதாவது 0.033 வினாடிக்குள் ஒத்துப்போனால் சரி. அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒலியைப் படத்தின் நீளத்துக்கு வெட்டி மறுபடி எடுங்கள். இரண்டாவது வரி வீடியோவை மூன்று தடவை தொடர்ச்சியாக ஒட்டித் தரும், முழு வேகத்தில் பார்த்தால் விக்கல் தெரிந்துவிடும்.

ஆனால் கணினியில் பார்த்தது கடைசித் தீர்ப்பு இல்லை. ஒவ்வொரு தளமும் உங்கள் கோப்பைத் தன் விருப்பப்படி மறுபடி சுருக்கும். யாருக்கும் காட்டாத நிலையில் ஏற்றிவிட்டு, போனில், அந்தந்தச் செயலிக்குள், முதலில் ஒலியோடும் பிறகு ஒலி இல்லாமலும் பாருங்கள். சில விளம்பர இடங்களில் வீடியோ முடிந்ததும் செயலியே ஒரு அட்டையை மேலே போர்த்தும், அப்படி இருந்தால் அந்த இடத்துக்கு லூப் வடிவத்தால் பலனில்லை. திரையின் அடியில் ஓடும் மெல்லிய நேரக்கோடு தொடக்கத்துக்குத் தாவுவதும் தெரியத்தான் செய்யும், அதை நம்மால் மறைக்க முடியாது. கண்ணைப் படத்தின் நடுவிலேயே வைத்திருக்கும் அசைவுதான் அதற்கு ஒரே மருந்து.

பிறகு விஷயம் தெரியாத மூன்று பேரிடம் போனைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். முகத்தைப் பாருங்கள், வீடியோவைப் பார்க்காதீர்கள். மறுபடி ஓடுகிறது என்று அவர்களுக்கு உறைக்கும் கணத்தில் புருவமோ விரலோ அசையும். ஒட்டுக்குப் பின் எத்தனை வினாடியில் அது நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டில் வீடியோவில் முதல் வெட்டில் உடனே தெரிந்துவிட்டது, காரணம் முதல் ஃபிரேமிலேயே வந்து நின்ற எழுத்து. அதைத் தள்ளி வைத்த பிறகு, மூடி திறக்கும் ஷாட் வரும்போதுதான், அதாவது 2 வினாடிக்குப் பிறகுதான் உறைத்தது. மூன்று பேரில் ஒருவர் "டக் சத்தம் வந்ததும் கவிழ்ப்பதை இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று அவராகவே விட்டுவைத்தார். அந்த இரண்டாவது சுற்றுக்கு வசனம்தான் காரணம், ஒட்டு இல்லை.

எண்களைப் படிக்கும்போது

முதலில் ஏமாறக்கூடிய இடம். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும், மறுபடி ஓடும் தடவையும் உட்பட, ஒரு வியூவாகக் கணக்காகிறது. அதனால் நல்ல லூப் போட்டதும் வியூ எண்ணிக்கை கூடும், பார்த்த ஆட்கள் ஒருவர்கூடக் கூடியிருக்க மாட்டார்கள். கிளையன்ட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த எண்ணை மட்டும் போட்டால் பின்னால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தொடக்கத்தைத் தாண்டித் தங்கிப் பார்த்ததைக் காட்டும் `Engaged views` என்ற எண்ணையும் பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள்.

மெட்டாவின் விளம்பரக் கணக்கில் சராசரியாக ஓடிய நேரத்தில் மறுபடி பார்த்த நேரமும் சேரும். ஆனால் `ThruPlay` என்பது வீடியோ முழுக்க அல்லது குறைந்தது 15 வினாடி ஓடியதைக் குறிப்பது, மறுபடி பார்த்த நேரம் அதில் சேராது. ஆகவே லூப் வேலை செய்தால் முதல் எண் ஏறும், இரண்டாவது எண் பெரிதாக அசையாது. இரண்டும் சேர்ந்து ஏறினால் உங்கள் தொடக்கமோ நடுப்பகுதியோதான் நன்றாகியிருக்கிறது, லூப்புக்கு அந்தப் பெருமையைக் கொடுக்காதீர்கள்.

ஒப்பிட வேண்டும் என்றால் கடைசி 2 வினாடி மட்டும் வேறாக இருக்கும் இரண்டு பிரதிகளை, ஒரே மாதிரி ஆட்களுக்கு, ஒரே நாட்களில் ஓட்டுங்கள். ஒன்றில் லூப், மற்றதில் பழைய லோகோ. தொடக்கமும் மாறினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பார்வையாளர் தங்கும் வரைபடத்தில் முதல் இரண்டு வினாடியில் புதிதாக வந்தவரும் இரண்டாவது சுற்றில் இருப்பவரும் ஒரே கோட்டில் கலந்து கிடக்கிறார்கள். ஷார்ட்ஸில் அந்தக் கோடு தொடக்கத்தில் 100 சதவீதத்தைத் தாண்டிப் போகலாம், `Average percentage viewed` என்பதும் 100-ஐத் தாண்டலாம். அது பிழையில்லை.

கோட்டின் வாலைப் பாருங்கள். லோகோ பிரதியில் 10-வது வினாடியிலிருந்து கோடு சரிந்து விழும். லூப் பிரதியில் வால் கிட்டத்தட்ட மட்டமாக 12 வரை வர வேண்டும். வால் இங்கும் சரிந்தால், முடிவு வரப்போகிறது என்று ஏதோ முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, பெரும்பாலும் அது குரலின் இறக்கம், இல்லையென்றால் வாங்கச் சொல்லும் வரி மிகவும் கடைசியில் இருக்கிறது. வால் மட்டமாக இருந்தும் தொடக்கத்தில் கோடு லோகோ பிரதியை விட உயரவில்லை என்றால், வருகிறவர்கள் ஒட்டிலேயே போகிறார்கள், விக்கல் ஏதோ இருக்கிறது, கோப்பின் நீளங்களை மறுபடி அளந்து பாருங்கள்.

கூடவே பட்டனை அழுத்தியவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். நேரம் ஏறி அழுத்தல் குறைந்தால் நான் செய்வது ஒன்றுதான்: வாங்கச் சொல்லும் வரியை ஒரு வினாடி முன்னால் நகர்த்தி, பாட்டிலில் இருக்கும் பெயரைக் கேமராப் பக்கம் திருப்பி, ஒட்டைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் மறுபடி ஏற்றுமதி செய்வேன். அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து அழுத்தல் பழைய அளவுக்கு வரவில்லை என்றால் லோகோ பிரதியையே ஓட விட்டுவிடுவேன்.